நோட்டீஸின் கடைசி மூன்று வரிகள்

"கடை யாருதுன்னு முதல்ல முடிவு பண்ணு. எழுத்து சின்னதா பெருசான்னு அப்புறம் பாக்கலாம்."

"கடை என்னுதுதான் அண்ணா. தைக்கப்போறது நான்தானே."

"தைக்கிறது நீ. இடம் என்னுது. வாசல் என்னுது. கரண்டு மீட்டர் என் பேர்ல ஓடுது. உன் பேர்ல என்ன ஓடுது?"

"மிஷின் ஓடுது."

அண்ணன், அதாவது ஹெட்கிளார்க், சட்டைப் பைக்குள் கையை விட்டார். யாராவது மடக்கினால் அவர் அங்கிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து மூடியைத் திருகுவார். அலுவலகத்தில் முப்பது வருஷம் அப்படித் திருகித்தான் ஆட்களைப் பயமுறுத்தினாராம். இங்கே அச்சகத்தில் யாரும் பயப்படவில்லை. டிசைன் பெண் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இந்தச் சண்டை முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அந்த அவசரம் இல்லை. அச்சகத்தின் முன்பகுதியில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஜெராக்ஸ், லேமினேஷன், ரப்பர் ஸ்டாம்ப் என்று ஒரு மேஜை போட்டுக்கொண்டிருப்பவள் நான். தடுப்பு இடுப்பு உயரம்தான். அதைத் தாண்டி வருகிற பேச்சு என் காதில் விழுந்தால் அது தடுப்பைக் கட்டியவர் குற்றம்.

விஷயம் இதுதான். ஹெட்கிளார்க்கின் தங்கை முப்பத்தைந்து வயதில் ஒரு தையல் கடை திறக்கப்போகிறாள். திறப்பு வெள்ளிக்கிழமை. அன்று காலைப் பத்திரிகைக்குள் வைத்து வீடு வீடாகப் போட ஆயிரம் நோட்டீஸ் வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அண்ணனும் தங்கையும் என் காதுக்குக் கேட்கிற தூரத்தில் இரண்டு நாள் மல்லுக்கு நின்றார்கள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்கிளார்க் வீட்டின் முன்னறைதான். அதுவரை அங்கே அவருடைய பழைய ஸ்கூட்டரும் காலண்டர்களும் இருந்தன. பதினான்கு வருஷமாகத் தங்கை தைத்ததெல்லாம் அதே வீட்டின் பின்னறையில். மிஷின் சுவரைப் பார்த்து இருக்கும். இருக்கிற ஒரே ஜன்னலும் சமையலறைக்குள் திறக்கும். குக்கர் விசில் வந்தால் மிதியை நிறுத்திவிட்டு அந்த ஜன்னல் வழியாகவே கையை விட்டு அடுப்பை அணைத்துவிடுவாள். இது ஒரு வசதி என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள்.

துணி கொண்டுவருகிறவர்கள் வாசலில் அண்ணியிடம் கொடுப்பார்கள். அளவுச் சட்டையையும் அண்ணிதான் வாங்கி வைப்பாள். தைத்ததை அண்ணிதான் எடுத்துக் கொடுப்பாள். போன் வந்தால் ஹெட்கிளார்க் எடுப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணி. ஆனால் அவளுக்கு யார் முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அளவு. ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "நம்ம தெருவுல இடது தோள் அரை இஞ்சு இறங்கின ஒருத்தர் இருக்காரே, யாருக்கா அவர்? ஒம்பது வருஷமா சட்டை தைக்கிறேன்." எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தெருவில் போகிறவன் தோளை எல்லாம் அளந்துகொண்டா இருக்கிறேன்? யார் பல் கட்டிக்கொண்டார், யார் வீட்டைக் காலி பண்ணுகிறார், இப்படிப்பட்ட தகவல்தான் என்னிடம் இருக்கும்.

இப்போது கடை எங்கிருந்து முளைத்தது என்றால், ஹெட்கிளார்க்குக்கு இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. ஓய்வுக்கு அப்புறம் தன்னை யார் சார் என்று கூப்பிடுவார்கள் என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, பின்னால் தங்கை தைத்துக்கொண்டிருக்க முன்னால் தான் நிறுவனராக உட்கார்ந்திருப்பது என்று ஒரு படம் அவர் மனதில் ஓடியது. தங்கை மனதில் வேறு படம். மிஷின் தெருவைப் பார்த்து இருக்கும், துணியை அவளே வாங்குவாள், அளவை அவளே எடுப்பாள், போனை அவளே எடுப்பாள்.

இரண்டு படமும் ஒரே நோட்டீஸில் வந்து மோதின.

திங்கட்கிழமை முதலில் அவள் தனியாகத்தான் வந்தாள். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளில், ஏ-ஃபோர் தாளைப் பாதியாக மடித்த அளவுக்குக் கச்சிதமாக ஒரு கட்டம் போட்டு, நோட்டீஸை பென்சிலில் வரைந்து எடுத்து வந்திருந்தாள். மேலே 'சரியளவு தையலகம்'. அதன் கீழே 'சுடிதார், பிளவுஸ், கவுன், சட்டை, பள்ளிச் சீருடை'. அதன் கீழே 'பழைய துணி பிரித்துச் சரிசெய்து தரப்படும்'. பிறகு 'வெள்ளிக்கிழமை திறப்பு', 'நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சை கேட் வீடு'. கடைசியில் அவளுடைய போன் நம்பர். 'காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை.' அவ்வளவுதான்.

டிசைன் பெண் அசந்துபோனாள். "அக்கா, எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் ஒரு புஸ்தகத்தையே கொண்டுவந்து, இதை உள்ளங்கை அளவுல அடக்குன்னு சொல்வாங்க. நீங்கதான் இடம் விட்டு எழுதியிருக்கீங்க."

"இடம் விடலைன்னா எப்படிம்மா போட்டுக்கிட்டு மூச்சு விடறது?" என்றாள் அவள், சட்டையைப் பற்றிப் பேசுகிறவள் போல.

டிசைன் பெண் உற்சாகமாகிவிட்டாள். நோட்டீஸை ஒரு மனுஷன் குப்பையில் போடுவதற்கு முன்னால் இரண்டு நொடி பார்ப்பான், அந்த இரண்டு நொடியில் 'தையல்' என்ற சொல்லும் இடமும் கண்ணில் பட்டுவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று பாடம் எடுத்தாள். இரண்டு விதமான எழுத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். மெல்லிசுத் தாள், மெரூன் மை, ஒரே கலர். அரைமணி நேரத்தில், பிழை பார்க்க ஒரு ப்ரூஃப் எடுத்து நீட்டினாள். ஏ-ஃபோர் தாளின் நடுவே நோட்டீஸ் அச்சாகியிருந்தது. சுற்றிலும் நாலா பக்கமும் வெள்ளை. நோட்டீஸின் நான்கு மூலையிலும் மயிர் மாதிரி மெல்லிய கோடுகள்.

"இந்தக் கோடு என்னம்மா?"

"வெட்டுக்கோடு அக்கா. அடிச்ச அப்புறம் மொத்தமா அடுக்கி இந்தக் கோட்டுல வெட்டுவாங்க."

"அதுக்கு வெளியே இருக்கிறது? தையலுக்கு விடுற துணி மாதிரி உள்ளே மடிஞ்சுக்குமா?"

"காகிதம் எங்கே மடியும்? வெட்டினா போச்சு. குப்பைதான்."

"வெளியே ஏதாவது எழுதியிருந்தா?"

"அதுவும் சேர்ந்துதான் போகும்."

அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். நான் அப்போது ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை லேமினேஷனில் விட்டுக்கொண்டிருந்தேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சான்றிதழ்கூடக் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமைதான் அண்ணன் வந்தார். ப்ரூஃபைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சை மையில் வேட்டையாட ஆரம்பித்தார். மேலே, தலைப்புக்கு அடுத்தபடியாக, 'இரண்டே நாளில் தைத்துத் தரப்படும்' என்று எழுதினார்.

"ரெண்டு நாள்ல எப்படி அண்ணா? சீருடை சீசன்ல நாப்பது செட் வருமே."

"போடுறதுக்கு என்ன? ஆள் வரணும்ல."

பிறகு கீழே அவள் நம்பரையும் நேரத்தையும் அடித்துவிட்டு மூன்று வரி எழுதினார். முதல் வரி, 'நிறுவனர்' என்று போட்டு அவர் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், பட்டத்துக்குப் பின்னால் அலுவலகப் பதவி. இரண்டாவது வரி, 'தொடர்புக்கு' என்று அவருடைய நம்பர். மூன்றாவது வரிதான் அவளைக் கொன்றது. 'நேரம்: காலை 10 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை மட்டும்.' மட்டும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"இதென்ன நேரம்?"

"அண்ணிக்கு முழங்கால் வலி. மத்தியானச் சமையலுக்கும் ராத்திரிச் சமையலுக்கும் ஆள் வேணுமா வேண்டாமா? உன் வசதிக்குத்தான் போட்டிருக்கேன்."

அச்சில் ஏறிவிட்டால் தெருவே அந்த நேரத்தை மனப்பாடம் செய்துவிடும். அப்புறம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் கூடினாலும் "நோட்டீஸ்லயே போட்டிருக்கே" என்று ஒரு பேச்சு வரும். முன்னறைக்கு வந்தாலும் அவள் பின்னறையில்தான் இருப்பாள். நம்பர் அவருடையது, நேரம் அண்ணியுடையது, மிஷின் மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அங்கிருந்துதான் சண்டை கிளம்பி, நான் முதலில் சொன்ன கரண்டு மீட்டர் வரைக்கும் வந்தது.

"உங்க பாஸ்போர்ட் போட்டோவும் வேணும்னு உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்களே சார்," என்று டிசைன் பெண் நடுவில் எண்ணெய் ஊற்றினாள்.

"போடலாமா?"

"இந்தத் தாளுக்குக் கருப்பா அப்பிக்கும். காணாமப்போனவங்க நோட்டீஸ் மாதிரி இருக்கும்."

அவர் போட்டோவைக் கைவிட்டார். மூன்று வரியைக் கைவிடவில்லை. அதற்குள் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேச வெளியே, வேப்பமரத்தடிக்குப் போனார். மாமூலாகப் பத்து நிமிஷம் பேசுவார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் தங்கை இரண்டு காரியம் செய்தாள். இரண்டையும் நான் பார்த்தேன், இரண்டையும் கோத்துப் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில் டிசைன் பெண்ணிடம், "நோட்டீஸைச் சுத்தி ஒரு இஞ்ச் டேப் ஓடுற மாதிரி பார்டர் போடும்மா. நல்லா அகலமா. டேப்புல இருக்கிற நம்பர் எல்லாம் தெரியணும்," என்றாள். விளிம்போடு ஒட்டிப் போட்டால் வெட்டுவதில் நூலளவு சாய்ந்தாலும் கோணலாகத் தெரியும், அதனால் உள்ளே கொஞ்சம் தள்ளித்தான் போட முடியும், உள்ளே இடம் குறைந்துவிடும் என்று டிசைன் பெண் சொன்னாள். "குறையட்டும்," என்றாள்.

பிறகு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, "அக்கா, ஒரு ஸ்டாம்ப் செய்யணும். சின்னது. ஒரே வரி," என்று ஒரு துண்டுச் சீட்டை என் மேஜையில் வைத்தாள்.

'அளவு கொடுக்க அழையுங்கள்' என்று எழுதி அவள் நம்பர்.

"எதுக்கு?"

"அளவுச் சீட்டுல குத்த."

அளவுச் சீட்டு என்றால் துணியோடு பின் குத்தி வைக்கிற துண்டுக் காகிதம். அதில் நெஞ்சு, இடுப்பு, கை நீளம் இருக்கும். அவள் கடையிலேயே இருக்கப்போகிற சீட்டில் அவள் நம்பர் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

புதன்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அதற்குள் ப்ரூஃப் ஆறாகிவிட்டது. டிசைன் பெண் கம்ப்யூட்டரில் 'கடைசி', 'கடைசிக்குக் கடைசி', 'சத்தியமா கடைசி' என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டிருந்தாள். இஞ்ச் டேப் பார்டர் வந்துவிட்டதால் உள்ளே இடம் நெருக்கியது. ஹெட்கிளார்க்கின் மூன்று வரியும் கடைசியில், இரண்டு விரல்கடை இடத்தில், மருந்துச் சீட்டு எழுத்து மாதிரி பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தது.

"என்ன இது? என் பேர் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"டேப்பை மெல்லிசாக்கினா எழுத்தைப் பெருசாக்கலாம் சார்."

"டேப் குறையக் கூடாது. அதுதான் கடையோட அடையாளம்," என்றாள் தங்கை.

"அப்ப மேலே துணி லிஸ்டைக் குறைங்க," என்றாள் டிசைன் பெண்.

"லிஸ்டைக் குறைச்சா கடையில என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?" இதைச் சொன்னவர் ஹெட்கிளார்க்கேதான். அவருக்கும் கூட்டம் வேண்டும். அவர் ப்ரூஃபைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், மேஜையில் வைத்தார், மறுபடி தூக்கினார். பிறகு, தொலைந்த ஃபைலைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"ஏம்மா, கீழே பார். நாலு விரல்கடை வெள்ளையா சும்மா கிடக்கு. இதை யாருக்கு வச்சிருக்க?"

"சார், அது வெட்டுக்கோட்டுக்கு வெளியே. அது வெட்டுல..."

"காகிதத்தைப் பத்தி எனக்குச் சொல்லாத. முப்பது வருஷம் காகிதத்துல புரண்டவன் நான். அரசாங்கத் தாள்ல மார்ஜின்ல எழுதினதுக்குத்தான் மதிப்பு அதிகம், தெரியுமா? மேலதிகாரி குறிப்பு எல்லாம் அங்கேதான்."

"அது சரி சார், ஆனா இங்க அடிச்சு முடிச்சதும்..."

"சொன்னதைச் செய்யும்மா. நிறுவனர் பேர் இங்க. பெரிய எழுத்து. நம்பர் இங்க. நேரம் இங்க." பச்சை மையில் மூன்று அம்பு. மூன்றும் கோட்டைத் தாண்டிப் போய்க் குத்தி நின்றன.

அவர் அலுவலகத்தில் தாளை யாரும் வெட்டியதில்லை. துளை போடுவார்கள், நூல் கோத்துக் கட்டுவார்கள், கறையான் தின்றால் தின்னும். வெட்டுகிற வழக்கம் கிடையாது. தாள் என்று கையில் கொடுத்தால் அதன் நான்கு மூலையும் அவருக்குச் சொந்தம்.

டிசைன் பெண் தங்கையைப் பார்த்தாள். தங்கை ஒரு நூல் துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றின இடத்தில் விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப உள்ளே அந்த வரிங்க இருந்த இடம் காலியாகுமே அக்கா. என்ன போடட்டும்?"

"சும்மா இருக்கட்டும்மா."

"காத்தோட்டமா இருக்கும்," என்று ஹெட்கிளார்க் தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் ஏழாவது ப்ரூஃப் வந்தது. டேப் பார்டருக்கு உள்ளே கடை, டேப்புக்கு வெளியே கோடு, கோட்டுக்கும் வெளியே தடித்த எழுத்தில் நிறுவனர். டிசைன் பெண் கடைசியாக ஒரு முறை முயன்றாள். இந்த முறை அவரிடம் இல்லை.

"அக்கா, நீங்களும் ஒரு தடவை நல்லா பாத்துடுங்க. கையெழுத்து போட்டா அப்புறம் எங்க கையில இல்லை. சரியா இருக்கா?"

அவள் தாளை வாங்கினாள். துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பார்வை உண்டு. எழுத்தைப் படிக்க மாட்டார்கள், கோடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார்கள். நான்கு மூலையையும் பார்த்தாள். கீழ்க் கோட்டில் கொஞ்சம் நின்றாள். நான் ஸ்டாம்புக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தவள் பசை காய்கிறதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அண்ணன் பாத்துட்டாங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லு," என்று ஹெட்கிளார்க் பச்சை மையில் 'சரி. இப்படியே அச்சிடவும்' என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டு, கையெழுத்துக்குக் கீழே பதவியும் எழுதினார். அச்சகத்தில் அவர் தலைக்கு மேலேயே ஒரு போர்டு உண்டு: 'கையெழுத்திட்ட ப்ரூஃபுக்குப் பிறகு பேச்சு இல்லை.' அதை வாய்விட்டுப் படித்து, "நல்ல நிர்வாகம்," என்று வேறு பாராட்டினார்.

வியாழக்கிழமை அச்சானது. கோட்டுக்கு வெளியேயும் எழுத்து இருந்ததால் மிஷின்காரர் பெரிய தாளில் ஏற்றினார். மை காய்ந்ததும் கட்டிங் மிஷினில் அடுக்கி, மூலைக்கோட்டைப் பார்த்து, கைப்பிடியை இறக்கினார். அவருக்கு எழுத்து முக்கியமில்லை, கோடுதான் முக்கியம். ஆர்டர் சீட்டில் ஏ-ஃபோரில் பாதி என்று இருந்தது, பாதிக்கு வெட்டினார். கத்தி நான்கு தடவை இறங்கியது. நான்காவது தடவையில் ஹெட்கிளார்க் பெயரும் பட்டமும் பதவியும் போன் நம்பரும் சமையல் நேரமும் கட்டுக்கட்டாகக் கீழே சாக்கில் விழுந்தன.

மாலையில் தங்கைதான் நோட்டீஸை வாங்க வந்தாள். அண்ணனுக்கு அன்று பிரிவு உபசாரப் பட்டியல் தயாரிக்கிற வேலை. யார் யார் தன்னைப் புகழ வேண்டும் என்று அவரேதான் எழுதிக்கொண்டிருந்தாராம். அவள் ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மிஷின்காரரிடம், "அண்ணே, அந்தச் சாக்குல இருக்கிற துண்டும் எனக்கு வேணும். பின்பக்கம் வெள்ளையா இருக்கே, அளவு எழுதிக்குவேன்," என்றாள். பிறகு என்னிடம் வந்து ஸ்டாம்பை வாங்கினாள். என் மேஜை ஓரத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மைப்பேடைத் திறந்து, காத்தோட்டத்துக்கு விட்ட அந்த இடத்தில் ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள். டக். டக். டக். நூறாவது நோட்டீஸில்தான் அந்த அகலமான டேப்பும் இந்த ஸ்டாம்பும் எதற்கு என்று எனக்கு விளங்கியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பேப்பர்காரர் அஞ்சரைக்கு வர்றேன்னாரு அக்கா," என்றாள். "நீங்களும் ஒரு கட்டு எடுத்துக்கிட்டா சீக்கிரம் முடியும். நேராக் குத்துங்க."

குத்தினேன். வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெட்கிளார்க் பத்திரிகையைப் பிரித்தார். ஏழரைக்கு அச்சகத்தில் நின்றார். இன்னும் பெருக்கிக்கூட முடிக்கவில்லை. டிசைன் பெண் ஏழாவது ப்ரூஃபை எடுத்து மேஜையில் வைத்து, கையெழுத்துப் பக்கம் அவரைப் பார்த்திருக்கும்படி திருப்பினாள். பச்சை மை. தேதி. பதவி. மனுஷர் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கையெழுத்தைக் காட்டியே ஆட்களை மடக்கியவர். இப்போது அவரே உள்ளே மாட்டிக்கொண்டு, பேனா மூடியைத் திருகிக்கொண்டு, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் கேட்டதை அண்ணியே என்னிடம் சொன்னாள்.

"அந்தக் கோட்டை நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லிச்சே அண்ணா. நீங்க அதையே கேக்கலை. நான் சொன்னா கேப்பீங்களா?"

"அந்த ஸ்டாம்ப் நம்பர்?"

"இடம் சும்மா இருந்தது."

கதை இங்கே முடிந்திருந்தால் தங்கை ஜெயித்தாள் என்று நானும் எழுந்து போயிருப்பேன். நோட்டீஸ்தானே போச்சு, சாவி என்கிட்ட இருக்கு என்றார் ஹெட்கிளார்க். ஓய்வுக்கு முன்னால் மிச்சமிருந்த லீவை எல்லாம் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முன்னறைக் கதவைப் பூட்டினார். அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, நாடாவை இடுப்பிலிருந்து உருவாத குறையாக வெளியே அனுப்பினார். நான்கு மணிக்குத் திறந்தார், ஆறு மணிக்குப் பூட்டினார். இடைப்பட்ட நேரத்தில் தங்கை பின்னறையில், குக்கருக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி. தெருவைப் பார்த்துப் போட்ட மிஷின் பூட்டின அறைக்குள் தனியாக. அந்த முதல் வாரம் அவள் கண்ணைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. நோட்டீஸிலிருந்து வெட்டி எறிந்த நேரம் வீட்டுக்குள் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் நோட்டீஸைப் படித்த ஆயிரம் வீட்டுக்கு அந்த நேரம் தெரியாதே. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தலைப்புக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'இரண்டே நாளில் தைத்துத் தரப்படும்.' ஹெட்கிளார்க் கைப்பட எழுதியது. அதைக் கத்தி தொடவில்லை. திங்கட்கிழமை கொடுத்த துணிக்குப் புதன்கிழமை விடியற்காலையிலேயே ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார்கள். கதவு பூட்டியிருந்தால் பச்சை கேட்டை ஆட்டினார்கள். கேட்டைத் திறந்தவர் ஹெட்கிளார்க்தான், ஏனென்றால் தங்கை அடுப்பில் இருந்தாள், அண்ணிக்கு முழங்கால்.

"நேரம் பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும்தாம்மா."

"எங்க போட்டிருக்கு? காட்டுங்க," என்று நோட்டீஸை நீட்டினாள் பள்ளிக்கூட ஆயா, மூன்று செட் சீருடைக்குச் சொந்தக்காரி. "ரெண்டு நாள்னு போட்டிருக்கு. இன்னிக்கு மூணாவது நாள். ஆமா, நீங்க யாரு, வாட்ச்மேனா?"

இதைத் தெருவே கேட்டது. நான் நடந்துபோய்க் கேட்டேன்.

பத்தாவது நாள் அவர் சாவியை மிஷின் மேல் எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அண்ணியின் முழங்கால் திடீரென்று நிமிர்ந்து நின்று சமைக்க ஆரம்பித்தது. இது மருத்துவத்தில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

முன்னறை தங்கையுடையது ஆனது. அந்த 'இரண்டே நாள்' வாக்கும் சேர்ந்து அவளுடையது ஆனது. காலை ஆறுக்கே கேட் ஆடும், இரவு ஒன்பதுக்கும் ஆடும். ஸ்டாம்ப் குத்தின நம்பர் ஓயாமல் அடிக்கும். "இந்த ரெண்டு நாள் வரியையும் கோட்டுக்குக் கீழே போடச் சொல்லியிருந்தா அண்ணன் போட்டிருப்பாரு அக்கா. எனக்குத் தோணலை," என்று ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருநாள் சொன்னாள். அப்போதும் கால் மிதியை நிறுத்தவில்லை. அவளுடைய ஒவ்வொரு துணியிலும் பின் குத்திய சீட்டின் ஒரு பக்கம் யாருடைய இடுப்போ எத்தனை இஞ்ச் என்றிருக்கும். திருப்பினால் தடித்த எழுத்தில் 'நிறுவனர்'.

அவளுக்குக் கிடைத்த புது விஷயம் முகங்கள். அளவு தெரிந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக வாசலில் வந்து நிற்க, "நெஞ்சு முப்பத்தெட்டு, கை கொஞ்சம் நீளம், நீங்கதானா?" என்று கேட்பாள். சிலர் வெட்கப்பட்டார்கள். இரண்டாவது வாரம் பள்ளி வேன் டிரைவர் ஒருவர் கிழிந்த சட்டையோடு வந்தார். அவர் வாசலில் நின்றதுமே இவள் மிதியை நிறுத்திவிட்டாளாம். இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்கிளார்க்கும் அண்ணியும் ஓய்வுக்கு அடுத்த வருஷமே மகன் வேலை பார்க்கிற ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர், பச்சை மை தாராளமாகச் செலவாகிறதாம். டிசைன் பெண் கட்டிங் மிஷின்காரரின் தம்பியைக் கட்டிக்கொண்டு துறைமுக ஊருக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகையை அவளேதான் அமைத்தாள், ஒரே ப்ரூஃப்தான். தங்கை அந்த வீட்டை விட்டு எங்கள் அச்சகத்துக்கு இரண்டு வீடு தள்ளி, தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல் உள்ள இடத்துக்குக் கடையை மாற்றினாள். வேன் டிரைவரைத் திருமணமும் செய்துகொண்டாள். ஊருக்கெல்லாம் இரண்டு நாளில் தைத்துக் கொடுக்கிறவள் அவர் கல்யாணச் சட்டைக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். தோள் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை பிரித்தாள்.